செயற்கைக்கோளின் வெப்பத்தை வெளியேற்ற எத்தனை சதுர மீட்டர் வேண்டும்?

செயற்கைக்கோளுக்குள் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான செயற்கைக்கோளில் மின்சாரத்தை அதிகம் விழுங்குபவை நுண்ணலைப் பெருக்கிகள். அவற்றுக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி வானொலி அலையாகப் பூமியை நோக்கிப் போய்விடுகிறது. மிச்சம் பெருக்கியின் அடித்தட்டில் வெப்பமாகச் சேர்கிறது. தரையில் என்றால் ஒரு மின்விசிறி இதைப் பார்த்துக்கொள்ளும். வெற்றிடத்தில் வீசுவதற்குக் காற்று இல்லை. தொட்டுக் குளிர்வதற்கு வேறு பொருளும் இல்லை. வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக உமிழ்ந்து வெளியே தள்ளுவது மட்டுமே வழி. அந்த வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட புறத்தட்டைத்தான் ரேடியேட்டர் என்கிறார்கள். காரின் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் அதே பெயர் என்றாலும், அதன் வெப்பத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் காற்றுதான். பெயருக்கு ஏற்றபடி கதிர்வீச்சை மட்டுமே நம்பி நடப்பது விண்வெளியில் உள்ள தட்டு.

அந்தத் தட்டின் பரப்பை எப்படித் தீர்மானிப்பது? பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வயது 15 ஆண்டுகள். அதன் தெற்குப் பக்கத் தட்டில் பொருத்திய பெருக்கிகள் 1,500 வாட் கழிவு வெப்பத்தை உண்டாக்குகின்றன. இது ஒரு குறிப்பிட்ட செயற்கைக்கோளின் கணக்கு இல்லை. ஆனால் எண்கள் எல்லாம் இந்த வகைச் செயற்கைக்கோள்களில் வழக்கமாகக் காணப்படுபவை.

முதலில் தேவைப்படுவது, ஒரு சதுர மீட்டர் தட்டு எவ்வளவு உமிழும் என்பது. யோசப் ஸ்டெஃபான் 1879-இல் சோதனை முடிவுகளிலிருந்து கண்டறிந்து, அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மான் 1884-இல் கோட்பாட்டிலிருந்து வருவித்த விதி இதைச் சொல்கிறது. உமிழப்படும் ஆற்றல், கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும். 40 டிகிரி செல்சியஸ் என்பது 313 கெல்வின். அந்த வெப்பநிலையில் முழுக் கரும்பொருள் ஒன்று சதுர மீட்டருக்கு 544 வாட் உமிழும். உண்மையான மேற்பரப்புகள் அதில் ஒரு பங்கையே உமிழ்கின்றன. அந்தப் பங்குக்கு உமிழ்திறன் என்று பெயர். ரேடியேட்டர் மேற்பரப்புக்கு அதை 0.80 என்று வைத்தால் கிடைப்பது 435 வாட். எதிரே இருக்கும் வானம் 2.7 கெல்வினில் இருக்கிறது. அது திருப்பித் தருவது சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் 1,500-ஐ 435-ஆல் வகுத்து மூன்றரைச் சதுர மீட்டர் போதும் என்று முடித்துவிடத் தோன்றும். அந்தத் தட்டை அப்படியே செய்து அனுப்பினால், முதல் சில ஆண்டுகள் எந்தக் குறையும் தெரியாமலேயே ஓடக்கூடும். வம்பு பிறகுதான் வரும்.

40 டிகிரி என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பரப்பை நிர்ணயிப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. பெருக்கியின் அடித்தட்டு 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். கணிப்பு எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டாலும் சில டிகிரி பிசகும். அதற்காக அமெரிக்க இராணுவச் செயற்கைக்கோள் தரவரையறைகள் 11 டிகிரியை ஒதுக்கச் சொல்கின்றன. பல நிறுவனங்களும் ஏறக்குறைய அதே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. அடுத்து, பெருக்கியின் அடித்தட்டிலிருந்து தட்டின் வெளிப்பரப்புக்கு வெப்பம் வந்து சேர வேண்டும். அந்த வழி முழுவதும் வெப்பநிலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இந்த எடுத்துக்காட்டில் அந்த இறக்கம் 9 டிகிரி. 60-இல் 11-ஐயும் 9-ஐயும் கழித்தால் எஞ்சுவது 40.

அந்த 9 டிகிரியின் உள்விவரத்தையும் பார்த்துவிடலாம். ரேடியேட்டர் தட்டு கெட்டியான உலோகப் பலகையாக இருப்பதில்லை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அலுமினியத் தேன்கூட்டு அமைப்பு வைத்து ஒட்டிய இலேசான பலகை அது. அதற்குள் வெப்பக் குழாய்கள் புதைந்திருக்கும். இருபுறமும் அடைத்த அலுமினியக் குழாய். உள்ளே கொஞ்சம் அம்மோனியா. சூடான இடத்தில் அம்மோனியா ஆவியாகி, குளிர்ந்த இடத்துக்கு ஓடித் திரவமாகிறது. குழாயின் உட்சுவரில் வெட்டிய நுண்பள்ளங்கள் வழியாக அந்தத் திரவம் தானே திரும்பி வருகிறது. பம்ப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. பெருக்கிக்கும் பலகைக்கும் இடையிலான இணைப்பில் 3 டிகிரி, வெப்பக் குழாயில் 3 டிகிரி, குழாயிலிருந்து வெளித் தகட்டில் பக்கவாட்டில் பரவுவதில் சராசரியாக 3 டிகிரி என்று வைத்தால் ஒன்பது.

கடைசி 3 டிகிரிதான் கவனிக்க வேண்டியது. வெளித் தகடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்று கொண்டால், குழாய்கள் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும்போது இரண்டு குழாய்களுக்கு நடுப்புள்ளி குழாயைவிட நாலரை டிகிரி குளிர்ந்திருக்கும். செலவையும் எடையையும் மிச்சப்படுத்தலாம் என்று குழாய்களை 20 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், வித்தியாசம் இரட்டிப்பாவதில்லை. நான்கு மடங்காகி 18 டிகிரியைத் தொடுகிறது. குளிர்ந்த இடம் குறைவாக உமிழும். அப்போது தட்டின் பரப்பு காகிதத்தில் உள்ள அளவுக்கு இருந்தாலும், அதில் ஒரு பகுதி பெயரளவுக்குத்தான் வேலை செய்யும். வெப்பக் குழாய் ஒன்று கசிந்து அம்மோனியாவை இழந்தாலும் நடப்பது இதுவே. அதனால் ஒவ்வொரு பெருக்கியின் அடியிலும் குறைந்தது இரண்டு குழாய்கள் ஓடும்படி அமைத்து, ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும்படி விடுகிறார்கள்.

இனி சூரியன். புவிநிலைச் செயற்கைக்கோளில் ரேடியேட்டர்கள் ஏன் பெரும்பாலும் வடக்கு, தெற்குப் பக்கங்களில் வைக்கப்படுகின்றன என்பதற்கான விடையும் இதில் இருக்கிறது. கிழக்கு, மேற்குப் பக்கங்கள் ஒவ்வொரு நாளும் ஒரு முறை சூரியனை நேருக்கு நேர் பார்க்கும். வடக்கும் தெற்கும் அப்படியல்ல. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாள்களில் சூரியன் நிலநடுக்கோட்டுத் தளத்திலேயே இருப்பதால் இந்த இரு பக்கங்கள்மீதும் வெயில் படுவதே இல்லை. டிசம்பர் 21-ஐ ஒட்டிச் சூரியன் 23.4 டிகிரி தெற்கே சாயும்போது தெற்குத் தட்டின் மேல் சாய்வாக வெயில் விழும். ஜூன் 21-ஐ ஒட்டி வடக்குத் தட்டின் மேல். இதில் தெற்குத் தட்டின் பாடு சற்று மோசம். பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வருவதால் டிசம்பர் இறுதியில் சூரிய ஒளியின் வீச்சு, ஆண்டுச் சராசரியான 1,361 வாட்டிலிருந்து ஏறி, சதுர மீட்டருக்கு 1,400 வாட்டைத் தாண்டிவிடுகிறது. சாய்வைக் கணக்கில் எடுத்தால் தெற்குத் தட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 560 வாட் விழும்.

435 வாட் உமிழும் தட்டின்மேல் 560 வாட் விழுந்தால் கதை முடிந்தது போலத் தெரியலாம். முடியாமல் காப்பது மேற்பரப்பின் ஒரு குணம். சூரியன் ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பநிலையில் இருப்பதால் அதன் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதை ஒட்டிய அலைநீளங்களிலும் வருகிறது. 40 டிகிரியில் உள்ள தட்டு உமிழ்வதோ 9 மைக்ரோமீட்டரைச் சுற்றிய நீண்ட அகச்சிவப்பு அலைகளில். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியாத அலைவரிசைகள். எனவே ஒன்றைத் திருப்பி அனுப்பி, மற்றொன்றைத் தாராளமாக உமிழும் மேற்பரப்பு சாத்தியம். அதற்காக மெல்லிய கண்ணாடி அல்லது குவார்ட்ஸ் சில்லுகளின் பின்புறத்தில் வெள்ளி பூசி, தட்டின்மேல் ஓடு பதிப்பது போல வரிசையாக ஒட்டுகிறார்கள். சூரிய ஒளி கண்ணாடியை ஊடுருவி வெள்ளியில் பட்டுத் திரும்பிவிடும். அகச்சிவப்புக்குக் கண்ணாடி ஒளிபுகாப் பொருள். அதனால் உமிழும் வேலையைக் கண்ணாடியே செய்கிறது. புதிதாக இருக்கும்போது இந்தச் சில்லுகள் விழும் வெயிலில் 8 சதவீதம் அளவைத்தான் உட்கவர்கின்றன. 560 வாட்டில் அது 45 வாட்.

புதிதாக இருக்கும்போது என்பதுதான் சிக்கல். ஒட்டுப்பசைகளும் கம்பி உறைகளும் பிளாஸ்டிக் பாகங்களும் வெற்றிடத்தில் மெல்ல ஆவிகளை வெளியிடுகின்றன. அந்த ஆவி குளிர்ந்த சில்லுகளின்மேல் படிகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் அதைக் கெட்டிப்படுத்திப் பழுப்பாக்குகிறது. இத்துடன் எலெக்ட்ரான், புரோட்டான் தாக்குதலும் சேர்கிறது. வெள்ளை வண்ணப் பூச்சு இன்னும் வேகமாக நிறம் மங்கும். நீண்டகாலச் செயற்கைக்கோள்களில் விலை அதிகமான கண்ணாடிச் சில்லுகளை விடாமல் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். சில்லுகளுக்கும் 15 ஆண்டு முடிவில் உட்கவர்திறன் 22 சதவீதம் ஆகும் என்று வைப்பது நியாயமான எச்சரிக்கை. அப்போது அதே வெயிலிலிருந்து தட்டு விழுங்குவது 123 வாட். உமிழ்திறன் இந்தக் காலத்தில் பெரிதாக மாறுவதில்லை. தட்டு வெப்பத்தைத் தள்ளும் வலிமையை இழப்பதில்லை. வேண்டாத வெப்பத்தை அதிகமாக வாங்கத் தொடங்குகிறது.

இன்னொரு விருந்தாளி சூரியப் பலகை. செயற்கைக்கோளின் வடக்கிலும் தெற்கிலும் இறக்கைகளாக நீளும் அதே பலகைகள்தான் ரேடியேட்டரின் கண்முன்னே நிற்கின்றன. தட்டு பார்க்கும் அரைக்கோள வானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைச் சூரியப் பலகை மறைக்கிறது, அது 50 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று கொண்டால், அங்கிருந்து தட்டு உட்கவர்வது சதுர மீட்டருக்கு சுமார் 25 வாட். பூமியை இந்த உயரத்தில் விட்டுவிடலாம். வானத்தில் 17 டிகிரி அகலத்தில் தெரியும் சிறு வட்டு அது. வடக்கு, தெற்குத் தட்டுகள் அதை விளிம்பில்தான் பார்க்கின்றன.

இப்போது கணக்கு ஒரே வரியில் அடங்கும்:

A = Q / (εσT⁴ − αS − q)

இதில் A தட்டின் பரப்பு, Q கழிவு வெப்பம். அடைப்புக்குள் முதலில் இருப்பது உமிழ்வு. அடுத்தது வெயிலில் உட்கவர்ந்தது. கடைசி எழுத்து சூரியப் பலகையிலிருந்து வருவது. 435-இலிருந்து 123-ஐயும் 25-ஐயும் கழித்தால் 287 வாட். 1,500-ஐ அதனால் வகுத்தால் 5.23 சதுர மீட்டர். முதலில் எளிதாகக் கிடைத்த மூன்றரை, ஐந்தேகால் ஆகிவிட்டது. கூடுதலாக வந்த பரப்பு முழுவதும் செயற்கைக்கோளின் கடைசி டிசம்பர் மாதத்துக்காகச் சுமந்து செல்லப்படுவது.

வெப்பநிலையின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதும் இந்தச் சூத்திரத்தில் தெரியும். கருவி கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கி, தட்டை 50 டிகிரியில் ஓட்ட முடிந்தால் 4.3 சதுர மீட்டர் போதும். 30 டிகிரி என்றால் 6.4 வேண்டும். பூஜ்யம் டிகிரியில் 14-ஐத் தாண்டும். மைனஸ் 20-இல் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதற்கும் கீழே போனால் உமிழ்வைவிட உட்கவர்வது அதிகமாகி, எவ்வளவு பெரிய தட்டு வைத்தாலும் பயனில்லை. பரப்பு போதவில்லை என்று தெரியும்போது அனுபவமுள்ளவர்கள் தட்டைப் பெரிதாக்குவதற்கு முன் கருவியின் வெப்ப எல்லையை உயர்த்த முடியுமா, வழியில் இழக்கும் ஒன்பது டிகிரியில் இரண்டு மூன்றை மீட்க முடியுமா என்று பார்ப்பது இதனால்தான். தட்டின் அளவை ராக்கெட்டின் முனைக்கூட்டின் அகலம் கட்டுப்படுத்துகிறது; டிகிரிகளை அது கட்டுப்படுத்துவதில்லை.

மிகக் குளிர்ந்த ரேடியேட்டர் தேவைப்படும் இடங்களில் வடிவமைப்பு வேறு திசையில் போவதும் இதன் விளைவே. வானிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்பு உணரிகள் 100 கெல்வினுக்கு அருகே இருக்க வேண்டும். அந்த வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் உமிழ்வது நாலரை வாட் மட்டுமே. ஒரு கீற்று வெயில் பட்டாலும் போச்சு. 2013-இல் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட்-3டி செயற்கைக்கோளுக்குச் சூரியப் பலகை ஒரு பக்கத்தில் மட்டும் உண்டு. மறுபக்கம் உணரிகளின் குளிர்விப்பானுக்காகக் காலியாக விடப்பட்டது. அந்தப் பக்கம் வெயில் படாமல் இருக்க ஆண்டுக்கு இரண்டு முறை செயற்கைக்கோளையே அரைவட்டம் திருப்பிவிடும்படி திட்டமிட்டார்கள்.

அருகில் பெரிய கோள் இருந்தால் கணக்கு எவ்வளவு மாறும் என்பதற்குச் சந்திரயான்-1 நல்ல எடுத்துக்காட்டு. 2008 நவம்பரில், நிலவைச் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபோது, அதன் உள்ளே வெப்பநிலை 50 டிகிரி அளவுக்கு ஏறியது. விண்கலத்தை 20 டிகிரி திருப்பியும் சில கருவிகளை அணைத்தும் அதை 40-க்குக் கொண்டுவந்தார்கள். நடுப்பகலில் நிலவின் தரை 120 டிகிரி வரை சூடாகி, சதுர மீட்டருக்கு 1,200 வாட்டுக்கு மேல் அகச்சிவப்பை உமிழ்கிறது. அந்த உயரத்தில் நிலவை நோக்கிய பக்கத்துக்கு நிலவுதான் ஏறக்குறைய முழு வானம். வெள்ளிச் சில்லுகள் இங்கே உதவாது. ஒரு மேற்பரப்பு எந்த அலைவரிசையில் நன்றாக உமிழ்கிறதோ அதே அலைவரிசையில் நன்றாக உட்கவரும். நிலவு அனுப்புவது அதே நீண்ட அகச்சிவப்பு. 435 வாட் தள்ளும் தட்டு அங்கிருந்து அதற்கு இரு மடங்கை வாங்கிக்கொள்ளும். பெரிய தட்டு வைப்பது இதற்கு மருந்தாகாது. தட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மாற்றுவதே மருந்து.

5.23 சதுர மீட்டரில் கணக்கை நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் தட்டின் அளவு இன்னும் முடிவாகவில்லை. மறுகோடியில் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் புதிது, மார்ச் மாதம், தட்டில் வெயில் இல்லை, பெருக்கிகள் எல்லாம் முழுவீச்சில் ஓடுகின்றன. அப்போது தட்டு 15 டிகிரியில் நிற்கும். இது நல்லது. பெருக்கிகளில் பெரும்பகுதியை அணைத்து 500 வாட் மட்டும் வருமானால் தட்டு மைனஸ் 46 டிகிரிக்கு இறங்கிவிடும். பெருக்கிகள் தாங்கும் குளிருக்கு எல்லை உண்டு. அதை மைனஸ் 10 என்று வைத்தால், அங்கேயே தட்டை நிறுத்த ஹீட்டர்கள் 500 வாட் கொடுக்க வேண்டும். இது சூரியப் பலகை சூடாக இருக்கும் வேளையின் கணக்கு. சம இரவு நாள்களைச் சுற்றிய ஆறேழு வாரங்களில் செயற்கைக்கோள் தினமும் பூமியின் நிழலுக்குள் போகும். நீண்ட நிழல் 72 நிமிடம். அந்த நேரத்தில் சூரியப் பலகை மிகவும் குளிர்ந்துபோக, அதிலிருந்து வந்த 25 வாட்டும் நின்றுவிடும். நீடித்தால் ஹீட்டர் தேவை 630 வாட்டைத் தாண்டும். தட்டும் கருவிகளும் சேர்த்து வைத்திருக்கும் வெப்பம் இதைக் கொஞ்சம் தணிக்கும் என்றாலும், மிச்சத்தை பேட்டரி கொடுத்தாக வேண்டும்.

ஆகவே தட்டைப் பெரிதாக்குவது இலவசமான பாதுகாப்பு இல்லை. கோடைக்குக் கூட்டிய ஒவ்வொரு சதுர மீட்டரும், மைனஸ் 10 டிகிரியில் இரண்டு நூறு வாட்டுக்கு மேல் கேட்கிறது. பொறுப்பான வடிவமைப்பாளர் சூடான கோடியில் சில டிகிரிகளை மிச்சம் விட்டுவைத்து, குளிர்ந்த கோடியில் பேட்டரியின் எடையைப் பார்த்துவிட்டு, மீண்டும் பரப்பைக் கொஞ்சம் வெட்டுவார். தட்டின் விளிம்புகளில் பலபடலக் காப்புப் போர்வையை முதலில் அகலமாக வைத்து, சோதனைக்குப் பிறகு தேவைக்கேற்ப வெட்டிப் பரப்பைத் திருத்திக்கொள்ளும் பழக்கமும் உண்டு.

இரண்டு கோடிகளுக்கும் நடுவே உள்ள இழுபறியைக் குறைக்கும் வழிகளில் மிகவும் பலன் தருவது, வடக்கையும் தெற்கையும் வெப்பக் குழாய்களால் இணைத்துவிடுவது. தெற்கில் வெயில் அடிக்கும் டிசம்பரில் வடக்குத் தட்டு நிழலில் இருக்கிறது. இரண்டும் வெப்பத்தைப் பகிர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் வெயிலின் பங்கு 123 வாட்டிலிருந்து ஏறக்குறைய 62 ஆகக் குறையும். 1,500 வாட்டுக்குத் தேவையான பரப்பு 5.23-இலிருந்து 4.3 சதுர மீட்டருக்கு இறங்கும். ஆறில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். சூரியனிலிருந்து வெகுதூரம் போகும் விண்கலங்களுக்கு வேறு உத்தி வேண்டும். ஐரோப்பாவின் ரோசெட்டா வால்விண்மீனைத் தேடி வியாழனின் சுற்றுப்பாதைத் தொலைவு வரை போனது. அதன் ரேடியேட்டர்களுக்கு முன்னால், ஜன்னல் பிளைண்டு போன்ற உலோக இதழ்கள் இருந்தன. வெப்பம் கூடினால் இருவேறு உலோகங்களால் ஆன சுருள்வில் அவற்றைத் திறக்கும், குளிர்ந்தால் மூடும். பரப்பையே வேண்டும்போது கூட்டிக் குறைப்பதற்கு ஒப்பானது அது.

ஏவுவதற்கு முன் தட்டின் அளவு சரிதானா என்று சோதிக்க வெப்ப வெற்றிடக் கலம் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்திலும் இப்படிப்பட்ட பெரிய கலம் உண்டு. கலத்தின் உட்சுவர் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்டு 100 கெல்வினை ஒட்டி நிற்கும். விண்வெளியின் 2.7 கெல்வினோடு ஒப்பிட இது பெரிய வித்தியாசமாகத் தெரிந்தாலும், நான்காம் படி விதி இங்கே உதவிக்கு வருகிறது: அந்தச் சுவர் திருப்பி அனுப்புவது சதுர மீட்டருக்கு ஆறு வாட்டுக்கும் குறைவு. சூரியனுக்குப் பதிலாக, வெயிலில் தட்டு எவ்வளவு உட்கவருமோ அந்த 123 வாட்டைத் தட்டின்மேல் ஒட்டிய ஹீட்டர்களாலோ அகச்சிவப்பு விளக்குகளாலோ கொடுக்கிறார்கள். பெருக்கிகளை இயக்கி, நூற்றுக்கணக்கான வெப்பமானிகளின் அளவைக் கணிப்போடு ஒப்பிடுகிறார்கள். தட்டு மொத்தமாக எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தால் உமிழ்திறனையோ பரப்பையோ சந்தேகிக்க வேண்டும். பெருக்கி ஒன்று மட்டும் சூடாகி, அதன் அடியிலுள்ள தட்டு கணித்தபடியே இருந்தால் கோளாறு இணைப்பில். தட்டின் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்குள்ள வெப்பக் குழாய் வேலை செய்யவில்லை. வெப்பக் குழாய்களைத் தரையில் சோதிக்கும்போது பலகை மட்டமாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது; சில மில்லிமீட்டர் சாய்வு இருந்தாலே புவியீர்ப்பு திரவத்தை ஒரு பக்கம் இழுத்து, நல்ல குழாயையும் கெட்டதாகக் காட்டும்.

கலத்தில் சோதிக்க முடியாதது 15 ஆண்டு மங்கல். அதை வட்டப்பாதையில்தான் பார்க்க வேண்டும், பார்ப்பதும் எளிது. பெருக்கிகளின் சுமை ஒரே அளவில் இருக்கும்போது, ஒவ்வொரு டிசம்பர் 21-ஐ ஒட்டியும் தெற்குத் தட்டின் வெப்பநிலையைக் குறித்துவர வேண்டும். முன்சொன்ன எண்களின்படி, முழுச் சுமையில் புதிய தட்டு முதல் டிசம்பரில் 25 டிகிரி காட்டும். சில்லுகள் மங்க மங்க அது ஆண்டுக்கு ஒரு டிகிரி என்ற அளவில் ஏறி, கடைசியில் 40-ஐத் தொட வேண்டும். பெரும்பாலும் ஏற்றம் சீராக இருப்பதில்லை. ஆவிகள் அதிகம் வெளியேறும் தொடக்க ஆண்டுகளில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருக்கும். மார்ச் மாத அளவீட்டையும் அருகில் வைத்துப் பார்த்தால் காரணம் பிரிந்து தெரியும். டிசம்பர் வெப்பநிலை மட்டும் ஏறி, வெயில் படாத மார்ச்சில் மாற்றம் இல்லையென்றால் அது மேற்பரப்பு மங்கல். இரண்டும் சேர்ந்து ஏறினால் உமிழ்வோ, வெப்பக் குழாயோ, பெருக்கிகளின் கழிவு வெப்பமோ மாறியிருக்கிறது.

மங்கல் கணித்ததைவிட வேகமாகப் போகிறது என்று தெரிந்தாலும் தட்டைத் துடைக்கவோ மாற்றவோ வழியில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு எஞ்சியிருப்பது சுமையைக் குறைப்பதுதான்: டிசம்பரை ஒட்டிய சில வாரங்களில், தெற்குத் தட்டில் உள்ள பெருக்கிகளில் ஒன்றிரண்டை அணைத்து, அவற்றின் அலைவரிசைகளை வடக்குத் தட்டில் உள்ள உபரிப் பெருக்கிகளுக்கு மாற்றுவார்கள். ஜூனில் இதையே எதிர்ப்புறமாகச் செய்வார்கள்.